பட்ஜெட்டில் எதை வெட்டுவது? ‘ஏற்கப்படாத செலவு’ பந்தியில் எங்கட லைன் ஒண்டும் இல்லையே

குச்சவெளிக் கரை · 2 ஏப்ரல் 2025, இரவு 9.40

குச்சவெளிப் பக்கம் கருவாடு போடுற 40 பெண்களுக்கு சூரிய உலர்த்தி குடுக்கிற திட்டம், 12 மாதம். ஐரோப்பிய ஒன்றியத்தின்ர காசு. ஒரு சர்வதேச நிறுவனம் அதை உப மானியமாப் பிரிச்சுக் குடுக்குது. ஏப்ரல் 30 கடைசித் திகதி. குறைஞ்சது 45 லட்சம், கூடினது 60 லட்சம் கேக்கலாம். மொத்தச் செலவில 90 வீதம் வரை அவை தருவினம், மிச்சம் எங்கட பங்கு. நிர்வாகச் செலவு நேரடிச் செலவில 7 வீதத்துக்கு மேல போகக்கூடாது.

வழிகாட்டியில ‘ஏற்கப்படாத செலவுகள்’ எண்டு ஒரு பந்தி இருக்கு: கடனும் வட்டியும், நட்டத்துக்கோ வருங்காலப் பொறுப்புக்கோ ஒதுக்கிற காசு, வேற நிதியில ஏற்கனவே குடுபட்ட செலவு, காணி கட்டடம் வாங்கிறது, நாணய மாற்று நட்டம், மூன்றாம் தரப்புக்குக் கடன், பொருளாயோ உழைப்பாயோ வாற பங்களிப்பு, அரச உத்தியோகத்தர் சம்பளம். எங்கட பட்ஜெட்டில இதில ஒண்டும் இல்லை எண்டு நினைக்கிறன். ஆராவது ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ.

இணைப்பாளர் சம்பளம், சேமலாப நிதி, நம்பிக்கை நிதியோட: 1,311,000
இணைப்பாளருக்குப் பணிக்கொடை: 47,500
கணக்காளர் 30 வீத நேரம்: 288,000
அலுவலக வாடகை (திருகோணமலை ரவுண்): 480,000
உலர்த்தி 8, ஒண்டு 210,000: 1,680,000
சுழற்சி நிதி, ஆளுக்கு 15,000: 600,000
பயிற்சி 6 நாள், 40 பேருக்குச் சாப்பாடு போக்குவரத்து: 288,000
திணைக்கள உத்தியோகத்தர் விரிவுரைக் கொடுப்பனவு: 60,000
திறப்பு விழா: 150,000
மோட்டார் சைக்கிள்: 750,000
கணக்காய்வு: 120,000
நேரடிச் செலவு 5,774,500. 7 வீதம் 404,215. மொத்தம் 6,178,715.

நாங்கள் கேக்கிறது 5,560,843. எங்கட 10 வீதத்துக்குப் பெண்களின்ர உழைப்பையும் உலர்த்தி வைக்க அவை தாற இடத்தையும் கணக்குப் பார்த்துப் போட்டிருக்கு.

மூதூர் வாசி · 2 ஏப்ரல், இரவு 10.15

வாடகை ஏற்கமாட்டினம், வெட்டுங்கோ. உலர்த்தி விலையில வற் வரி இருந்தா அதையும் கழிக்க வேணும். 18 வீதம் எண்டா ஒண்டில 37,800. மிச்சம் ஓகே.

ஓய்வுபெற்ற பேரேடு · 3 ஏப்ரல், காலை 6.20

தங்கச்சி, அந்தப் பந்தியிலேயே நாலு லைன் மாட்டுது. நீங்கள் லைனின் பெயரைப் பார்த்திருக்கிறீங்கள். அந்தக் காசு உண்மையில் என்ன வேலை செய்யுது எண்டு பார்க்க வேணும்.

சுழற்சி நிதி எண்டால் 15,000 போகும், தவணையாகத் திரும்பி வரும், அடுத்த ஆளுக்குப் போகும். அது கடன். வாங்கிற பெண் திட்டத்தின் கணக்கில் மூன்றாம் தரப்பு. வட்டி இல்லாவிட்டாலும் கடன் கடன்தான். பணிக்கொடை, இன்றைக்குக் கொடுபடாமல் வருங்காலத்துக்கு ஒதுக்கிற காசு. உத்தியோகத்தரின் கொடுப்பனவு அரச சம்பளப் பந்திக்குப் பக்கத்தில் வந்து நிற்குது. எல்லாத்திலும் பெரியது உங்கட 10 வீதம்: முழுக்க உழைப்பும் இடமும். அதைத்தான் பந்தி ஏற்காது எண்டு சொல்லுது. அதாவது உங்கட பங்கு இப்போதைக்குப் பூச்சியம்.

அந்தப் பந்தி பக்கத்தில் கால்வாசி. ஏற்கப்படாத செலவு ஒளிஞ்சிருக்கிற மற்ற இடங்கள் மூண்டு: ‘ஏற்கப்படும் செலவு’ பந்தியில் வரும் நிபந்தனைகள், பட்ஜெட் எக்செல் படிவத்தின் அடிக்குறிப்புகள், மாதிரி ஒப்பந்தத்தின் பொது நிபந்தனைகளில் 14ஆம் பிரிவு. பிடிஎப்பைத் திறந்து இந்தச் சொற்களை ஒண்டொண்டாத் தேடுங்கோ:

```
only if
not exceed
provided that
prior written
unless
```

`ineligible` எண்டு தேடினால் ஒரு பந்திதான் வரும். மேலே உள்ளவைக்கு வாறதெல்லாம் அரைத் தடை. அதுகளிலதான் ஆக்கள் விழுறது.

ஓய்வுபெற்ற பேரேடு · 3 ஏப்ரல், காலை 6.45

மூதூர் வாசிக்கு: வரி உள்ளடங்கிய விலையில் இருந்து வரியைப் பிரிக்க 18 வீதம் கழிக்கிறேல்லை, 1.18 ஆல் பிரிக்கிறது. 210,000 ஐப் பிரிச்சால் 177,966. வரி 32,034. நீங்கள் சொன்ன மாதிரிக் கழிச்சால் ஒரு உலர்த்திக்கு ஐயாயிரத்துச் சொச்சம் குறைவாகப் போட்டு, வாங்கிற நேரம் கையில் காசு இல்லாமல் நிற்பினம்.

அதைவிட, இந்த நிதியில் வரியைக் கழிக்கத் தேவையே இல்லாமல் இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றிய விதி, திருப்பி எடுக்க முடியாத வரியை ஏற்கும். சங்கம் வற் வரிக்குப் பதிவு இல்லை எண்டால் திருப்பி எடுக்க வழியில்லை, விலை அப்படியே நிற்கட்டும். ஆனால் அந்த நிறுவனம் தன்ர வழிகாட்டியில் அதை இறுக்கியிருக்கோ எண்டு பார்க்க வேணும்.

குச்சவெளிக் கரை · 3 ஏப்ரல், மதியம் 1.05

பார்த்தன். “ஏற்புடைய பயனாளி வரியை மீளப் பெற முடியாது எனக் காட்டினால் மட்டும்” எண்டு இருக்கு. நாங்கள் பதிவு இல்லை. அப்ப 210,000 நிற்குது.

எக்செல் படிவத்தில மூண்டாம் தலைப்புக்குக் கீழ சின்ன எழுத்தில: “வாகனக் கொள்வனவு ஏற்கப்படாது, வாடகையும் கிலோமீட்டர்க் கொடுப்பனவும் இரண்டாம் தலைப்பின் கீழ்.” வழிகாட்டி முழுக்கத் தேடினன், வாகனம் எண்ட சொல்லே இல்லை! மோட்டார் சைக்கிள் போச்சு.

கிண்ணியா ஓட்டோ · 3 ஏப்ரல், மாலை 4.30

மோட்டார் சைக்கிள் போனா என்ன, ஓட்டோ இருக்கு தாத்தா 😀 ரவுணில இருந்து குச்சவெளி போய்வர 70 கிலோமீட்டர் அளவு வரும். மாசம் எத்தின தரம் போறீங்க?

நிலாவெளிப் பனை · 3 ஏப்ரல், இரவு 8.00

இவ்வளவு குழப்பம் ஏன்? சம்பளமே போடக்கூடாது. எங்கட கூட்டுறவுச் சங்கம் ஜப்பான் தூதரகத்தின்ர அடிமட்ட உதவிக்கு எழுதேக்க சம்பளம், எரிபொருள், அலுவலகச் செலவு எல்லாம் வெட்டச் சொல்லிட்டினம். கட்டடமும் உபகரணமும்தான். நீங்களும் உலர்த்தியை மட்டும் வைச்சிட்டு மிச்சத்தை எடுங்கோ.

உட்துறைமுகம் · 3 ஏப்ரல், இரவு 8.50

அது அந்த நிதியின் விதி அண்ணா, இங்க பொருந்தாது. ஜப்பானின் அடிமட்ட மானியம் கட்டடத்துக்கும் உபகரணத்துக்குமானது, நடைமுறைச் செலவை எடுக்காது. இங்கே காணி கட்டடம்தான் கஷ்டம், சம்பளம் தாராளமாகப் போகும். கனடாவின் உள்ளூர் முன்னெடுப்பு நிதியில் இன்னொரு விதம்: திட்டத்தோட சேர்ந்த நிர்வாகச் செலவைப் போடலாம், சங்கத்தின் அன்றாட நிரந்தரச் செலவைப் போடேலாது, ஒப்பந்தம் கையெழுத்தாக முன்னம் செலவழிச்சதையும் போடேலாது. ஒரு டோனருக்கு வெட்டின பட்ஜெட்டை மற்றவருக்கு அப்படியே தூக்கிக் கொடுத்தால், போடக்கூடியதையும் விட்டிருப்பம், போடக்கூடாததையும் வைச்சிருப்பம்.

ஓய்வுபெற்ற பேரேடு · 4 ஏப்ரல், காலை 6.10

வாடகை விஷயத்தில் மூதூர் வாசி பாதி சரி. வாடகை ஏற்கப்படாத செலவு இல்லை. ரவுணில் இருக்கிற தலைமை அலுவலகத்தின் வாடகை, மின்சாரம், தொலைபேசி, செயலாளரின் நேரம் இதெல்லாத்துக்கும் சேர்த்துத்தான் அந்த 7 வீதம். வாடகையைத் தனி லைனாகவும் போட்டு 7 வீதத்தையும் எடுத்தால் ஒரே செலவுக்கு இரண்டு தரம் காசு. ஆகவே லைன் போகும், வாடகை 7 வீதத்துக்குள்ள போகும். அந்த 7 வீதத்துக்கு வவுச்சர் காட்டத் தேவையில்லை எண்டது ஒரு ஆறுதல்.

கணக்காளர் வேற. அவர் 30 வீத நேரம் இந்தத் திட்டத்துக்கு எண்டு டைம் ஷீட்டில் நாளும் மணியும் எழுதினால் அது நேரடிச் செலவு. ‘சங்கத்தின் கணக்காளர், பொதுவாக உதவி’ எண்டால் அதுவும் 7 வீதத்துக்குள்ளதான்.

மூதூர் வாசி · 4 ஏப்ரல், காலை 9.30

படிவத்தில நாலாம் தலைப்பு ‘உள்ளூர் அலுவலகம்’ எண்டு இருக்கே. அதில 480,000ஐயும் “குச்சவெளி கள அலுவலகம்” எண்டு மாத்திப் போட்டா முடிஞ்சுது.

உட்துறைமுகம் · 4 ஏப்ரல், காலை 10.10

முடியாது. கணக்காய்வாளர் முதலில் கேட்கிறது வாடகை ஒப்பந்தம். அதில் விலாசம் ரவுணில் ஒரு வீதியாக இருக்கும், ஒப்பந்தத் திகதி திட்டம் தொடங்க மூண்டு வருஷம் முந்தி இருக்கும். அந்த லைன் முழுக்கத் திருப்பிக் கட்ட வரும், அதோட சேர்ந்த 7 வீதமும்.

உண்மையாகவே குச்சவெளியில் ஒரு அறை எடுத்து, அதில் இணைப்பாளர் இருந்து, திட்டம் முடிய விட்டால் நாலாம் தலைப்பில் அந்த அறையின் வாடகையைப் போடலாம். வெறும் பெயர் மாற்றத்துக்குப் போடாதீங்கோ.

குச்சவெளிக் கரை · 4 ஏப்ரல், இரவு 9.15

அறை தேவையில்லை. பிரதேச செயலகத்துக்குப் பக்கத்தில பெண்கள் சங்கக் கட்டடம் இருக்கு, இணைப்பாளர் அங்க இருப்பா. வாடகையை எடுத்தாச்சு.

நானா, மாசம் 6 தரம். ஆனா ஓட்டோ கட்டுப்படியாகாது. இணைப்பாளரின்ர சொந்த மோட்டார் சைக்கிள், கிலோமீட்டருக்கு 35 ரூபா. 70 × 6 × 12 × 35 = 176,400. சரியோ?

கிண்ணியா ஓட்டோ · 4 ஏப்ரல், இரவு 9.50

கணக்கு சரி. நம்மட வயித்திலதான் அடி. 35 எண்ட றேட்டை எங்கயிருந்து எடுத்தீங்க எண்டு கேப்பாங்க, சங்கத்திட நிர்வாகக் குழுத் தீர்மானம் ஒண்டு இருந்தா காட்டுங்க. புறப்பட்ட மீட்டர், வந்த மீட்டர், போன வேலை, மூணையும் எழுதின கொப்பியும் வேணும்.

ஓய்வுபெற்ற பேரேடு · 5 ஏப்ரல், காலை 6.30

சுழற்சி நிதிக்கு வருவம். 600,000ஐ வெட்டி எறிய வேண்டாம், அந்தக் காசால் பெண்களுக்கு என்ன கிடைக்க வேணும் எண்டு பாருங்கோ. 15,000த்தை வாங்கி அவை என்ன வாங்குவினம்?

குச்சவெளிக் கரை · 5 ஏப்ரல், காலை 8.00

தராசு, உப்பில ஊறவைக்கிற தொட்டி, மீன் கூடை ரெண்டு, ஈ மொய்க்காமல் மூடுற வலை, பொதி செய்ற பை. மிச்சம் மீன் வாங்கிற முதல்.

ஓய்வுபெற்ற பேரேடு · 5 ஏப்ரல், காலை 8.40

அப்ப அதையே வாங்கிக் கொடுங்கோ. சங்கம் விலைமனு கேட்டு வாங்கி, ஒப்பமிட்ட பட்டியலோட ஒப்படைக்கிறது. திரும்பி வராத பொருள், கடன் இல்லை. ஆளுக்கு என்ன வரும்?

ஆனால் காசாகக் கொடுக்கப் போகாதீங்கோ. திருப்பிக் கேட்காத காசு எண்டாலும் ‘மூன்றாம் தரப்புக்கு நிதி உதவி’ எண்டு இன்னொரு வகைக்குள்ள போகும். அதை இந்த அழைப்பு அனுமதிக்குதா எண்டு வழிகாட்டியில் வெளிப்படையாக இருந்தால்தான் செய்யலாம், அதுவும் ஆரைத் தெரிவு செய்யிறம், உச்சம் எவ்வளவு எண்டெல்லாம் முன்கூட்டி எழுத வேணும். ‘தடை எண்டு சொல்லேல்லையே’ எண்டு இந்த இடத்தில் எடுக்கேலாது.

குச்சவெளிக் கரை · 5 ஏப்ரல், மாலை 5.20

ரவுணில விசாரிச்சன், ஒரு தொகுதி 12,500. நாப்பதுக்கு 500,000. மீன் முதலுக்கு அவையின்ர சிறுகுழுச் சேமிப்பு இருக்கு, அது எங்கட பட்ஜெட்டுக்குள்ள வரத் தேவையில்லை.

உட்துறைமுகம் · 6 ஏப்ரல், காலை 11.00

திறப்பு விழா 150,000த்தில் என்ன இருக்கு? பொன்னாடை, மாலை, பந்தல், பிரமுகருக்குச் சாப்பாடு எண்டால் ஒரு பட்டியலிலும் பெயர் இருக்காது, ஆனாலும் நிற்காது. ‘திட்டத்தைச் செய்யத் தேவையானது, நியாயமான விலை’ எண்ட இரண்டு சொல்லில் விழும். நன்மை பெறுவோர் கூட்டம், டோனரின் சின்னம் போட்ட பதாகை, தேத்தண்ணி எண்டால் நிற்கும். டோனரின் பெயர் தெரியச் செய்யிறது ஒப்பந்தக் கடமையும்கூட.

மூதூர் வாசி · 6 ஏப்ரல், காலை 11.25

பொன்னாடை இல்லாத திறப்பு விழாவுக்குப் பெரியாக்கள் வருவினமோ?

கிண்ணியா ஓட்டோ · 6 ஏப்ரல், காலை 11.40

கருவாட்டுப் பார்சல் குடுத்தா வருவாங்க.

குச்சவெளிக் கரை · 6 ஏப்ரல், இரவு 8.30

விழா 35,000: பதாகை, கதிரை வாடகை, தேத்தண்ணி. பொன்னாடையை நிர்வாகக் குழு தன்ர காசில பார்க்கட்டும்.

உத்தியோகத்தருக்கு ஒரு நாளைக்கு 10,000 போட்டிருந்தது. இப்ப போக்குவரத்தும் சாப்பாடும் மட்டும், 3,500. ஆறு நாளுக்கு 21,000. புதுக் கணக்கு:

நேரடிச் செலவு 4,419,400 (பணிக்கொடை எடுத்தாச்சு)
7 வீதம் 309,358
மொத்தம் 4,728,758
90 வீதம் 4,255,882

சுத்தமா வந்திட்டுது. அனுப்பலாம் எண்டு நினைக்கிறன்.

ஓய்வுபெற்ற பேரேடு · 7 ஏப்ரல், காலை 5.50

அனுப்பாதீங்கோ! குறைஞ்சது 45 லட்சம் எண்டு நீங்களே முதல் நாள் எழுதியிருக்கிறீங்கள். 4,255,882 அதுக்குக் கீழ. உள்ளடக்கத்தை வாசிக்க முதலே நிராகரிப்பினம்.

வெட்டினால் மூண்டு இடம் சேர்ந்து ஆடும். நேரடிச் செலவு குறைய 7 வீதமும் குறையும், மொத்தம் குறைய 90 வீதமும் குறையும், உங்கட 10 வீதமும் மாறும். அதால் ஒவ்வொரு லைனை வெட்டின பிறகும் கீழே மூண்டு எண்ணையும் பார்க்க வேணும்.

பின்னுக்கிருந்து கணக்குப் போடுங்கோ. கேட்கிறது 4,500,000 எண்டால் மொத்தம் 5,000,000 ஆவது வேணும். அதை 1.07 ஆல் பிரிச்சால் நேரடிச் செலவு குறைஞ்சது 4,672,898. உங்களிட்ட 4,419,400. கிட்டத்தட்ட 253,500 பற்றாது.

மூதூர் வாசி · 7 ஏப்ரல், காலை 7.30

எதிர்பாராச் செலவு எண்டு 5 வீதம் போடலாமே. ஐரோப்பிய ஒன்றியப் படிவத்தில அந்த லைன் இருக்கு. 4,419,400இல 5 வீதம் 220,970. கிட்ட வந்திடும்.

உட்துறைமுகம் · 7 ஏப்ரல், காலை 9.00

லைன் இருக்குத்தான், 5 வீதம்தான் உச்சமும். ஆனால் முன்கூட்டி எழுத்தில் அனுமதி எடுத்தால்தான் தொடலாம். திட்ட முடிவில் தொடாத காசு திரும்பிப் போகும். ஆகக்குறைந்த தொகையை எட்டுறதுக்கு அதை வைச்சால் மதிப்பீட்டாளருக்கு உடனே தெரியும், செலவு-பயன் புள்ளியில் வெட்டுவினம். பொதுவாக வைக்கிறதில் பிழை இல்லை. இந்த நோக்கத்துக்கு வேண்டாம்.

ஓய்வுபெற்ற பேரேடு · 7 ஏப்ரல், மாலை 6.00

ஒரு உலர்த்திக்கு எத்தனை பெண்கள்?

குச்சவெளிக் கரை · 7 ஏப்ரல், இரவு 7.10

அஞ்சு. எட்டு உலர்த்தி, நாப்பது பேர். கும்புறுப்பிட்டிப் பக்கம் இன்னொரு அஞ்சு பேர் குழு கேட்டுக்கொண்டு இருந்தது. உலர்த்தி பற்றாது எண்டு விட்டனாங்கள்.

ஓய்வுபெற்ற பேரேடு · 7 ஏப்ரல், இரவு 7.30

அவையைச் சேருங்கோ. ஒன்பதாவது உலர்த்தி 210,000. தொகுதி அஞ்சு, 62,500. பயிற்சியில் ஆளுக்கு நாளைக்கு 1,200 போட்டிருக்கிறீங்கள், அஞ்சு பேருக்கு ஆறு நாள் 36,000.

நேரடிச் செலவு 4,727,900. 7 வீதம் 330,953. மொத்தம் 5,058,853. 90 வீதம் 4,552,967.70.

அந்த 70 சதத்தைக் கவனியுங்கோ. எக்செல் அதைத் தானாக மேலே சுற்றி 4,552,968 எண்டு காட்டும். அது 90 வீதத்தைத் துளி தாண்டும். கேட்கிற தொகையை எப்பவும் கீழே சுற்றி, மிச்சத்தை உங்கட பங்கில் போடுங்கோ. மொத்தம் E20 இல், கேட்கிறது E21 இல் இருந்தால்:

```
E21: =ROUNDDOWN(E20*0.9,0)
E22: =E20-E21
```

கேட்கிறது 4,552,967. உங்கட பங்கு 505,886. இப்ப அந்த 505,886 காசாக எங்கயிருந்து வருது எண்டதுதான் கேள்வி.

நிலாவெளிப் பனை · 7 ஏப்ரல், இரவு 8.15

பெண்களின்ர உழைப்பை ஏற்கமாட்டினம் எண்டா, அவைக்கு நாட்கூலி குடுத்ததாக் கையெழுத்து வாங்கி, பிறகு அவை அதைச் சங்கத்துக்கு நன்கொடையாத் தந்ததா எழுதலாமே. காசாயிடும்.

உட்துறைமுகம் · 7 ஏப்ரல், இரவு 8.25

கொடுக்காத காசுக்குக் கையெழுத்து வாங்கிறது கள்ள வவுச்சர். அதுக்கு லைனை வெட்டுறேல்லை, சங்கத்தையே கறுப்புப் பட்டியலில் போடுவினம். இந்த யோசனையை இதோட விடுவம்.

ஓய்வுபெற்ற பேரேடு · 8 ஏப்ரல், காலை 6.15

நேரான வழி: உங்கட கணக்காளருக்கு இப்ப ஆர் சம்பளம் குடுக்கினம்?

குச்சவெளிக் கரை · 8 ஏப்ரல், காலை 7.40

இன்னொரு டோனர். அடுத்த வருஷம் யூன் வரை. ஐரோப்பியக் காசு இல்லை.

ஓய்வுபெற்ற பேரேடு · 8 ஏப்ரல், காலை 8.00

அப்ப அவரின் 30 வீதம், 288,000, மொத்தத்துக்குள்ள நிற்கட்டும். ஆனால் அதை இந்த மானியத்தில் இருந்து எடுக்காமல் அந்த டோனரின் காசில் இருந்து போவதாகக் காட்டலாம். அது காசுப் பங்களிப்பு. ‘எங்கட பணத்தில் வேற திட்டத்துக்கும் நேரம் செலவழிக்கலாம்’ எண்டு அந்த டோனரின் கடிதம் வேணும். மிச்சம் 217,886.

உட்துறைமுகம் · 8 ஏப்ரல், காலை 9.20

ஒரு எச்சரிக்கை. அந்த டோனருக்குப் போற அறிக்கையில் கணக்காளரின் 100 வீதத்தையும் ‘உங்கட திட்டத்துக்குத்தான்’ எண்டு எழுதியிருந்தால், இங்கே 30 வீதம் காட்டுறது இரட்டை நிதி. முதல் பந்தியில் ‘ஏற்கனவே குடுபட்ட செலவு’ எண்டு இருக்கிறது இதுதான். டைம் ஷீட் ஒண்டாக இருக்க வேணும், 70உம் 30உம் ஒரே தாளில். ஒவ்வொரு டோனருக்கும் ஒவ்வொரு தாள் எழுதினால் கூட்டிப் பார்க்கேக்க 130 வரும். கணக்காய்வில் முதல் நாளே பிடிபடுற விஷயம் இது.

மூதூர் வாசி · 8 ஏப்ரல், மதியம் 12.40

பணிக்கொடையை ஏன் எடுத்தனீங்கள்? அது சட்டம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். வருஷத்துக்கு அரை மாதச் சம்பளம், இணைப்பாளரின்ர 95,000இல அரை 47,500. சேமலாப நிதியை விட்டு இதை வெட்டுறது என்ன நியாயம்?

ஓய்வுபெற்ற பேரேடு · 8 ஏப்ரல், மாலை 5.45

சேமலாப நிதி மாதா மாதம் வங்கியில் இருந்து வெளியே போகுது, ரசீது வருது. பணிக்கொடை அஞ்சு வருஷம் வேலை செய்து விலகிற நேரம்தான் கொடுபடும். சட்டமும் 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்த இடத்துக்குத்தான். 12 மாதத் திட்டத்தில் புது இணைப்பாளருக்கு ஒரு சதமும் வெளியே போகாது. ஆகவே ஒதுக்கீடு, ஆகவே தடை. எடுத்தது சரி.

உட்துறைமுகம் · 8 ஏப்ரல், மாலை 6.30

இதில் நான் உடன்படேல்லை. சம்பளத்தோட சேர்ந்த சட்டரீதியான கடப்பாடு ஊழியர் செலவின் ஒரு பகுதி எண்டு வாதிடலாம். இணைப்பாளர் ஏற்கனவே நாலு வருஷம் சங்கத்தில் இருந்து, இந்தத் திட்டத்துக்குள்ள அஞ்சு நிரம்பினால் கதை மாறும். இந்த வருஷத்துப் பங்கையாவது ஏற்கினமோ எண்டு கேட்டுப் பார்க்கலாம்.

கேட்கிறதெண்டால் நாளைக்குள்ள. ஐரோப்பிய ஒன்றிய அழைப்புகளில் வழக்கமாகக் கேள்வி அனுப்புறது கடைசித் திகதிக்கு 21 நாள் முன்னம் முடியும், பதில் 11 நாள் முன்னம் வரும். ஏப்ரல் 30க்கு அது ஏப்ரல் 9. உங்கட வழிகாட்டியிலும் திகதி போட்டிருக்கும், பாருங்கோ.

குச்சவெளிக் கரை · 9 ஏப்ரல், மாலை 3.50

அதே 9தான் போட்டிருக்கு. இப்ப அனுப்பினன். ரெண்டு கேள்வி: நாலு வருஷம் முடிச்ச ஊழியரின் இந்த வருஷப் பணிக்கொடைப் பங்கு, அரச உத்தியோகத்தருக்கு வேலை நேரத்துக்கு வெளியே, சனிக்கிழமை விரிவுரைக்குக் கொடுப்பனவு. இணைப்பாளர் மார்ச்சில நாலு முடிச்சவ.

ஓய்வுபெற்ற பேரேடு · 9 ஏப்ரல், இரவு 8.00

சனிக்கிழமைக் கேள்வி நல்ல கேள்வி. டோனர் ஓம் எண்டாலும் உத்தியோகத்தர் தன்ர திணைக்களத் தலைவரின் அனுமதிக் கடிதம் தர வேணும்.

கிண்ணியா ஓட்டோ · 14 ஏப்ரல், காலை 8.10

எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்து. கைவிசேசம் ஏற்கப்படும் செலவா?

மூதூர் வாசி · 14 ஏப்ரல், காலை 8.30

வவுச்சர் இருந்தா.

குச்சவெளிக் கரை · 17 ஏப்ரல், மாலை 4.15

பதில் வந்திட்டுது, எல்லா விண்ணப்பதாரருக்கும் பொதுவாப் போட்டிருக்கினம்.

உத்தியோகத்தர்: வேலை நேரத்துக்கு வெளியே எண்டு எழுத்தில் காட்டினால் ஏற்கலாம், ஆனால் சந்தை விலைக்கு மேல போகக்கூடாது.

பணிக்கொடை: “செலவின் ஏற்புடைமை பொது நிபந்தனைகள் 14ஆம் பிரிவின்படி தீர்மானிக்கப்படும்.” அவ்வளவுதான்!

உட்துறைமுகம் · 17 ஏப்ரல், மாலை 5.00

அது பதில் இல்லை, திரும்ப வாசி எண்ட மாதிரி. நான் எண்டால் போடுவன், நியாயப்படுத்தல் தாளில் ‘நாலு வருஷச் சேவை, திட்டக் காலத்தில் அஞ்சு நிரம்பும்’ எண்டு எழுதி.

ஓய்வுபெற்ற பேரேடு · 17 ஏப்ரல், மாலை 6.20

நான் போடமாட்டன். அஞ்சு நிரம்பினாலும் அவ விலகினால்தான் கொடுபடும். 47,500க்காக ஒரு கேள்விக்குறியை மதிப்பீட்டாளர் கண்ணுக்கு முன் வைக்கிறது வீண். சங்கம் தன்ர கணக்கில் ஒதுக்கட்டும்.

குச்சவெளிக் கரை · 18 ஏப்ரல், காலை 10.00

ரெண்டு பேரும் இழுக்கிறீங்கள், நிர்வாகக் குழு முடிவெடுக்கட்டும். உத்தியோகத்தர் கொடுப்பனவையும் திருப்பி ஏத்தேல்லை. அவர் போக்குவரத்துக் காசோட வரச் சம்மதிச்சிட்டார். கணக்காளரின்ர டோனரிட்டக் கடிதம் கேட்டிருக்கு, இன்னும் வரேல்லை. மிச்ச 217,886க்குச் சங்கத்தின்ர நிலையான வைப்பில இருந்து எடுக்கலாமோ எண்டு 23ஆம் திகதி கூட்டத்தில கதைக்கிறம்.

ஓய்வுபெற்ற பேரேடு · 18 ஏப்ரல், காலை 10.40

எடுத்தால் தீர்மானத்தின் பிரதியை விண்ணப்பத்தோட வையுங்கோ. அதோட பட்ஜெட்டில் 45 பேர் எண்டு மாத்தியிருக்கிறீங்கள். விவரணத்தில், தர்க்கச் சட்டகத்தில், பொழிப்பில் 40 எண்டுதான் கிடக்கும். மூண்டு இடத்திலும் பாருங்கோ. உலர்த்தி ‘எட்டு’ எண்டு எழுத்தில் இருக்கும், இலக்கத்தைத் தேடினால் பிடிபடாது.

குச்சவெளிக் கரை · 18 ஏப்ரல், மதியம் 12.15

நாலு இடம். செயற்பாட்டு அட்டவணையிலயும் ‘எட்டுக் குழுக்கள்’ எண்டு இருந்தது. மாத்திட்டன். உலர்த்தி விலைமனுவும் எட்டுக்குத்தான் வாங்கினது, ஒன்பதுக்குத் திரும்பக் கேக்க வேணும்.